வசனத்துக்குத் தனிப் பட்டை: ஸ்டோரிபோர்டு தாளை மாற்றி வரைந்த கதை

ஒரு சின்னக் காட்சிக்காக ஸ்டோரிபோர்டு தாள் தயாரித்து, அதை வைத்துப் படம் பிடித்து, எடிட்டிங்கில் மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தாளையே வேறு மாதிரி வரைந்து, அதே காட்சியைத் திரும்ப எடுத்தேன். தவறு கேமராவிலோ நடிப்பிலோ இல்லை, தாளில் வசனம் எழுதுவதற்கு நான் ஒதுக்கிய இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் படப்பிடிப்பு தேவைப்பட்டதால், அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

காட்சி இதுதான். ஓர் அறை, ஒரு மேசை, அதில் பூட்டிய ஒரு டிராயர். அப்பாவுடைய மேசை. தம்பி ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பூட்டை நெம்பிக்கொண்டிருக்கிறான். அக்கா உள்ளே வருகிறாள். மொத்தம் நான்கே வசனம்.

தம்பி: "பூட்டை உடைச்சிடலாம்க்கா, வேற வழியில்லை."
அக்கா: "இரு. அப்பா சாவியை எங்கேயும் தொலைச்சதில்லை."
தம்பி: "அப்ப எங்க இருக்கு?"
அக்கா: "என்கிட்டதான் இருந்துச்சு. மூணு மாசமா."

முதல் தாள் எல்லோரும் வரைகிற மாதிரிதான். A4 தாளைப் படுக்க வைத்து, மேல் வரிசையில் மூன்று கட்டம், கீழ் வரிசையில் மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டமும் 80 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம், அதாவது சரியாக 16:9. கட்டத்துக்குக் கீழே நான்கு கோடுகள், அதில் ஷாட் குறிப்பும் வசனமும் சேர்ந்தே. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆறு கட்டத்தில் முழுக் காட்சியும் ஒரே தாளில் அடங்கிவிட்டது.

அடங்கியதுதான் பிரச்சினை. கட்டத்துக்குக் கீழே வசனத்துக்கு இடம் இருந்தால் கை தானாகவே ஒரு கட்டத்துக்கு ஒரு வசனம் என்று எழுதும். தம்பி பேசும்போது தம்பி முகம், அக்கா பேசும்போது அக்கா முகம், மறுபடி தம்பி, மறுபடி அக்கா. வரையும்போது அது தவறாகவே தெரியவில்லை, ஏனென்றால் தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். எடிட் செய்து ஓடவிட்டபோது யார் வாய் திறக்கிறாரோ அவர் பக்கம் படம் தாவிக்கொண்டே இருந்தது. அக்கா "அப்பா சாவியை எங்கேயும் தொலைச்சதில்லை" என்று சொல்லும்போது பார்க்க வேண்டியது தம்பியின் முகத்தை. அந்த வாக்கியம் அவன் மேல்தான் விழுகிறது, அவன் கை அப்போதுதான் நிற்கிறது. ஆனால் அந்த இடத்தில் தம்பியின் முகம் என்னிடம் இல்லவே இல்லை.

ஏன் இல்லை என்றால், கேமரா பிடித்த நண்பர் தாளில் இருந்ததை மட்டும் எடுத்தார். அவர் மேல் குறை சொல்ல முடியாது, தாள் சொன்னதை அவர் அப்படியே செய்தார். ஐந்தாவது கட்டத்தில் தம்பி, வசனம் "அப்ப எங்க இருக்கு?", அவ்வளவுதான். தம்பி அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு மூச்சு முன்னால் கேமரா ஓடத் தொடங்கியது, கேட்டு முடித்ததும் நின்றது. அக்கா பேசுவதை அவன் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் பதிவாகவில்லை. எடிட்டிங்கில் அவன் முகத்தை ஒன்றரை வினாடி முன்னால் இழுக்கலாம் என்று பார்த்தால் இழுக்க அங்கே ஒன்றுமில்லை.

இன்னொரு ஓட்டை நேரக் கணக்கில். ஆறு கட்டத்துக்கும் வினாடி எழுதியிருந்தேன்: 4, 2, 3, 3, 2, 3. கூட்டினால் 17. எடிட்டில் வந்தது 29. பன்னிரண்டு வினாடி எங்கிருந்து வந்தது என்று டைம்லைனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அக்கா கதவிலிருந்து மேசைக்கு வரும் நடை, கையை விரிப்பது, கேள்விக்கு முன்னால் தம்பி நிமிர்ந்து பார்ப்பது, இவை எதுவும் வசனம் இல்லை என்பதால் எதற்கும் நான் வினாடி கொடுக்கவே இல்லை. தாளில் இருந்தது பேச்சின் நீளம் மட்டும், அதுவும் மனசுக்குள் வாசித்த நீளம். மனசுக்குள் வாசித்தால் "இரு. அப்பா சாவியை எங்கேயும் தொலைச்சதில்லை" இரண்டு வினாடியில் முடிந்துவிடும். வாய்விட்டு, அந்த "இரு"வுக்குப் பிறகு நிறுத்தம் கொடுத்துச் சொன்னால் ஸ்டாப்வாட்ச்சில் மூன்றரை.

வார்த்தையை எண்ணி நேரம் கணக்கிடும் வழி ஒன்று உண்டு, நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை என்று. தமிழில் அது ஒத்துவராது. "உடைச்சிடலாம்க்கா" என்பது ஒரே வார்த்தை, "இரு" என்பதும் ஒரே வார்த்தை. எண்ணுவதை விட்டுவிட்டு, எழுந்து நின்று, நடிகர் செய்யப்போகும் அசைவையும் செய்துகொண்டே சத்தமாகச் சொல்லி மூன்று முறை அளப்பதுதான் சரியாக வருகிறது. நடுவில் வரும் எண்ணை எழுதிக்கொள்கிறேன்.

சரி, இரண்டாவது தாள். தாளை நிமிர்த்தி வைத்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு வரிசை, இடப்பக்கம் படக் கட்டம், நடுவில் ஷாட் குறிப்பு, வலப்பக்கம் வசனம். படத்துக்கும் குறிப்புக்கும் வரிசைக்கு வரிசை எல்லை உண்டு. வசனத்துக்கு மட்டும் எல்லை கிடையாது. மேலிருந்து கீழ் வரை ஒரே பட்டை, நடுவில் ஒரு குறுக்குக் கோடும் இல்லை. மூன்றாவது கட்டத்துக்கு நேராகத் தொடங்கிய வசனம் நான்காவது கட்டத்துக்கு நேராக வந்து முடியலாம். படம் எங்கே வெட்டுப்பட்டாலும் பேச்சு தன் பாட்டுக்கு ஓடும். செய்த மாற்றம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கு இடம் பண்ணுவதற்காக.

அளவு போடும்போது முதலில் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும். கோப்பில் போடத் துளையிட்டால் துளையின் மையம் தாள் ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே வரும், அதனால் 10 மி.மீ. ஓரம் விட்டால் முதல் கட்டத்திலேயே ஓட்டை விழும். இடப்பக்கம் 20, வலப்பக்கம் 8 விட்டேன். மிச்சம் 182 மி.மீ. அகலம்: கட்டம் 80, இடைவெளி 2, குறிப்பு 42, இடைவெளி 2, வசனப் பட்டை 56. உயரத்தில் மேலும் கீழும் பத்துப் பத்து, தலைப்புக்கு 22, மீதி 255. கட்டம் 45, கீழே 6 இடைவெளி, ஆக வரிசைக்கு 51, ஐந்து வரிசை கச்சிதமாக உட்காருகிறது.

ஸ்கேலும் பென்சிலும் வைத்து வரையலாம், ஆனால் ஐந்தாறு தாள் தேவைப்படும் என்பதால் நான் ஒரு SVG கோப்பாக எழுதிக்கொண்டேன். அளவுகள் அப்படியே மி.மீ.யில்:

```svg
<svg xmlns="http://www.w3.org/2000/svg"
     width="210mm" height="297mm" viewBox="0 0 210 297">
  <defs>
    <g id="row" fill="none" stroke="#999" stroke-width="0.3">
      <rect x="20" y="0" width="80" height="45"/>
      <path d="M102 9h42 M102 18h42 M102 27h42 M102 36h42 M102 45h42"/>
    </g>
  </defs>
  <use href="#row" y="32"/>
  <use href="#row" y="83"/>
  <use href="#row" y="134"/>
  <use href="#row" y="185"/>
  <use href="#row" y="236"/>
  <path d="M146 32V281 M202 32V281" stroke="#999" stroke-width="0.3"/>
</svg>
```

பிரவுசரில் திறந்து அச்சிடலாம். அச்சிடும்போது அளவு 100% என்றும் ஓரம் எதுவும் இல்லை என்றும் இருக்க வேண்டும், தாளுக்குள் பொருத்தும் வசதி இயங்கினால் எல்லாம் கொஞ்சம் சுருங்கும். கட்டத்தை ஸ்கேலால் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும், 80 இருக்க வேண்டிய இடத்தில் 76 இருந்தால் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். விகிதம் கெடாது என்பதால் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் துளை ஓரக் கணக்கு தவறும். கோடுகள் சாம்பல் நிறத்தில் மெல்லியதாக இருப்பது வேண்டுமென்றே, பென்சில் படம் கோட்டைவிடக் கறுப்பாகத் தெரிய வேண்டும்.

நடுக் குறிப்பில் நான் எழுதுவது ஐந்து வரிதான். முதல் வரியில் ஷாட் எண்ணும் அளவும் (வைட், மிட், க்ளோஸ், இன்செர்ட்). இரண்டாவதில் கேமரா நிற்கிறதா நகர்கிறதா. அடுத்த இரண்டில் என்ன நடக்கிறது. கடைசி வரியில் வினாடி. லென்ஸ், வெளிச்சம் எல்லாம் இங்கே எழுதத் தொடங்கினால் 42 மி.மீ. போதாது, அது இந்தத் தாளின் வேலையும் இல்லை.

இப்போது அதே காட்சியை இந்தத் தாளில் எப்படிப் பரப்பினேன் என்று சொல்கிறேன்.

ஷாட் 1 வைட். மேசை இடப்பக்கம், தம்பி அதன் முன்னால் வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், வலது மூலையில் கதவு. 6 வினாடி. வசனப் பட்டையில் பேச்சு இல்லை, "உலோகம் உரசும் சத்தம்" என்று மட்டும் எழுதி அதிலிருந்து ஒரு கோட்டைக் கீழ்நோக்கி இழுத்தேன். ஷாட் 2 இன்செர்ட், பூட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியும், 3 வினாடி. சத்தக் கோடு இதையும் தாண்டி ஷாட் 3-க்குள் இறங்குகிறது. ஷாட் 3 தம்பி மிட், 4 வினாடி, பூட்டை உடைக்கலாம் என்கிற வசனம் அவன் முகத்தில் முழுசாக.

ஷாட் 4-இல்தான் பட்டை தன் வேலையைக் காட்டியது. அக்கா மிட், கதவருகே, 3 வினாடி. அவள் வசனத்தைப் பட்டையில் தொடர்ச்சியாக எழுதினேன், "இரு." நான்காவது கட்டத்துக்கு நேராக, "அப்பா சாவியை எங்கேயும் தொலைச்சதில்லை" ஐந்தாவது கட்டத்துக்கு நேராக. வெட்டு விழும் இடத்தில் "இரு."வுக்குப் பின்னால் ஒரு சின்னச் சாய்கோடு. எழுதி முடித்ததும் தாளைப் பார்த்தால் போதும், அந்த வாக்கியத்துக்கு நேராக இருக்கிற படம் தம்பியின் க்ளோஸ். சத்தக் கோடும் அங்கேயே நிற்கிறது, அவன் கை நின்றுவிட்டது. பழைய தாளில் இந்த முடிவை எடுக்கவே வாய்ப்பில்லை, ஏனென்றால் ஒரு வசனத்தை இரண்டு கட்டத்துக்குப் பிரித்து எழுத அங்கே வழியே இருக்கவில்லை.

ஷாட் 5 தம்பி க்ளோஸ், 6 வினாடி: அக்காவின் குரல், ஒரு நிறுத்தம், பிறகு "அப்ப எங்க இருக்கு?". இத்தோடு ஐந்து வரிசையும் நிரம்பி அந்தத் தாள் முடிந்துவிட்டது. அடுத்த தாளின் பட்டையில் முதல் வரியாக "அப்ப எங்க இருக்கு?" என்பதையே திரும்ப, அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டேன், தாள் மாறும் இடத்தில் பேச்சு எங்கிருந்து தொடர்கிறது என்று தெரிவதற்காக. ஷாட் 6 இன்செர்ட், அக்காவின் உள்ளங்கை விரிகிறது, சாவி, 5 வினாடி. "என்கிட்டதான் இருந்துச்சு." ஷாட் 7 மறுபடி தம்பி க்ளோஸ், 5 வினாடி. "மூணு மாசமா." அக்காவின் கடைசி இரண்டு வார்த்தைகள் அவன் முகத்தில். மொத்தம் 32 வினாடி.

அடுத்தது, நண்பர் தாளில் இருந்ததை மட்டும் எடுத்த பிரச்சினைக்கு. ஸ்டோரிபோர்டு காட்டுவது எடிட்டில் வரப்போவதை, படப்பிடிப்பில் எடுக்க வேண்டியது அதைவிட எப்போதும் அதிகம். படப்பிடிப்பில் ஸ்கிரிப்ட் கவனிப்பவர்கள் வசனத்தின் மேல் நெடுகக் கோடு போட்டு எந்த ஷாட் எதிலிருந்து எதுவரை ஓடியது என்று குறிப்பார்கள். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றி என் பட்டைக்குக் கொண்டுவந்தேன். வசனத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு நெடுங்கோடு. எடிட்டில் அந்த ஷாட் தெரியும் பகுதிக்கு முழுக் கோடு, தெரியாவிட்டாலும் எடுத்து வைக்க வேண்டிய பகுதிக்குப் புள்ளிக் கோடு. ஷாட் 4-க்கு முழுக் கோடு "இரு."வோடு முடிகிறது, புள்ளிக் கோடு அவள் வாக்கியம் முடியும் வரை இறங்குகிறது. ஷாட் 5-க்கு புள்ளிக் கோடு மேலே "இரு."வுக்கு முன்னாலிருந்தே தொடங்குகிறது. நண்பருக்கு விளக்கமே தேவைப்படவில்லை, "ஓ, இங்கிருந்து இங்க வரைக்கும் ஓட்டணுமா" என்று கேட்டுவிட்டு ஓட்டினார். ஒவ்வொரு டேக்கிலும் நடிப்பு தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று வினாடி, முடிந்த பிறகு இரண்டு மூன்று வினாடி கேமரா ஓட வேண்டும் என்பதையும் தாளின் தலைப்பிலேயே எழுதிவிட்டேன்.

கட்டத்துக்குள் வரைவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குச்சி மனிதர்கள் போதும். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று பார்வை. ஒவ்வொரு முகத்திலும் மூக்கை ஒரு சின்னக் கோடாகப் போட்டால் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியும். வைட் ஷாட்டில் தம்பி வலப்பக்கம் பார்த்தால் அவனுடைய மிட், க்ளோஸ் எல்லாவற்றிலும் மூக்கு வலப்பக்கம்தான், அக்காவுக்கு இடப்பக்கம். பழைய தாளில் ஷாட் 5-இல் என் மூக்குக் கோடு இடப்பக்கம் இருந்தது, அதைப் பார்த்துக் கேமராவை மறுபக்கம் வைத்துவிட்டோம், எடிட்டில் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாளை மேசையில் வைத்து மூக்குகளை மட்டும் மேலிருந்து கீழ் ஒரு முறை பார்த்தால் இது அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

மற்றொன்று அம்புக்குறி. ஆள் நகர்ந்தால் அம்பு கட்டத்துக்கு உள்ளே, கேமரா நகர்ந்தால் அம்பு கட்டத்துக்கு வெளியே. இரண்டையும் உள்ளே போட்டால், அக்கா இடப்பக்கம் நடக்கிறாளா கேமரா இடப்பக்கம் திரும்புகிறதா என்று படப்பிடிப்பில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். கேமரா முன்னால் நெருங்குவதென்றால் கட்டத்துக்குள் இன்னொரு சின்னக் கட்டம் போட்டு மூலைக்கு மூலை கோடு இழுத்தால் போதும்.

ஷாட் எண்ணையும் ஒரு முறை நண்பருக்குக் கொடுத்த பிறகு மாற்றுவதில்லை. படப்பிடிப்பு அன்று காலையில் அக்கா நடந்து வரும் கால்களை ஓர் இன்செர்ட் எடுக்கலாம் என்று தோன்றியது. அது 4-க்கும் 5-க்கும் நடுவில் வரும். அதற்கு 4அ என்று பெயர் வைத்து ஒரு துண்டுத் தாளில் வரைந்து பின் குத்தினேன். எல்லா எண்ணையும் ஒன்று தள்ளியிருந்தால் அவர் கையில் இருந்த தாளும் என் தாளும் வேறு வேறு பேசியிருக்கும். கடைசியில் அந்தக் கால் ஷாட் எடிட்டில் உட்காரவில்லை, நீக்கிவிட்டேன், எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கைபேசியில் நிமிர்த்திப் பார்க்கும் வீடியோவுக்கு இதே தாள் சரிப்படாது. 45 மி.மீ. உயரத்தில் 9:16 கட்டம் போட்டால் அகலம் 25-தான் கிடைக்கும், அதில் இரண்டு பேரை வரைய முடியாது. கட்டத்தை 45 அகலம், 80 உயரம் என்று நிமிர்த்தி, வரிசைக்கு 85 கொடுத்தால் அதே 255-இல் மூன்று வரிசை வருகிறது, குறிப்புக்கும் வசனத்துக்கும் அகலம் கூடுகிறது. கட்டத்தின் அடியில் ஐந்தில் ஒரு பங்கை மெல்லிய கோடு போட்டு ஒதுக்கி வைப்பேன், எழுத்தும் பொத்தான்களும் அங்கே வந்து மறைக்கும், உள்ளங்கைச் சாவியை அங்கே வரைந்தால் பார்ப்பவர் கண்ணில் படாது.

நடிகர்களை அந்த இடத்திலேயே சொந்தமாகப் பேசவிட்டு எடுக்கும் காட்சிக்கு இந்தப் பட்டை உதவாது, வசனம் எது என்றே முன்கூட்டித் தெரியாதபோது வெட்டு எங்கே என்று சாய்கோடு போட முடியாது. அங்கே படக் கட்டமும் புள்ளிக் கோடும் மட்டும் வைத்துக்கொண்டு பட்டையைக் காலியாக விட்டுப் போகலாம், டேக் முடிந்ததும் பேசியதை எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை எடுத்த காட்சி எடிட்டில் 35 வினாடி வந்தது. தாளில் 32. ஷாட் ஒன்றிலிருந்து ஆறு வரை அங்கே இங்கே அரை வினாடி கூடிக் குறைந்து சரியாகிவிட்டது, மூன்று வினாடியும் ஷாட் 7-இல்தான் சேர்ந்திருந்தது. "மூணு மாசமா" என்று அக்கா சொன்ன பிறகு நான் நினைத்ததைவிட அதிக நேரம் தம்பி பேசாமல் இருந்தான், புள்ளிக் கோடு கீழே வரை இருந்ததால் கேமராவும் நிற்காமல் ஓடியிருந்தது. அதை வெட்டவில்லை. தாளில் ஷாட் 7-க்கு எழுதியிருந்த 5-ஐ அழித்துவிட்டு 8 என்று எழுதிவைத்தேன்.